சேலை விற்பனைக்குப் பெயர் வைத்தல்: துணியின் தரத்தைச் சொல்லும், இளையோர் நாவில் நிற்கும் ஒரு பெயரைத் தெரிவுசெய்யும் முறை

கொழும்பில் இன்று சேலை விற்கத் தொடங்கும் ஒருவருக்குக் கடை தேவைப்படுவதில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடி வீட்டின் அறை, இரண்டு அலுமாரிகள், ஒரு கைத்தொலைபேசி, மருதமுனையிலோ தமிழ்நாட்டிலோ பழக்கமான ஒரு நெசவாளர் அல்லது மொத்த வியாபாரி, இவ்வளவும் இருந்தாற் போதும். ஆனால் காலி வீதியிலுள்ள புடவைக் கடைக்கு இருக்கும் பெரிய வசதி ஒன்று இவருக்கு இல்லை. வாங்குபவர் துணியைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்க்கவோ, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவோ முடியாது. திரையில் தெரிவது ஒரு படமும் ஒரு பெயருமே. ஆகவே துணி நல்லது என்ற எண்ணத்தைத் தரும் வேலையில் ஒரு பகுதி பெயரின் தலையில் விழுகிறது. அதனாலேயே புதிதாகத் தொடங்குபவர்கள் பட்டு, சில்க், காஞ்சி, கைத்தறி போன்ற கனமான சொற்களைத் தேடிப் போகிறார்கள். பின்னர் அவற்றில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு விதியைச் சுற்றியே அமைகிறது. பெயரில் ஒரு துணியைக் குறிப்பிட்டால், அந்தப் பெயரின் கீழ் விற்கப்படும் ஒவ்வொரு சேலைக்கும் அது பொருந்த வேண்டும். பொருந்தாதென்றால் அந்தச் சொல்லின் இடம் பெயர் அன்று. சேலையில் தைக்கப்படும் லேபலே அதன் இடம். இதை விளக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் இரண்டு தோழிகள் சேர்ந்து தொழில் தொடங்குகிறார்கள். மருதமுனையிலிருந்து கைத்தறிக் கொட்டன் சேலைகள், தமிழ்நாட்டிலிருந்து சில்க் கொட்டன், ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து லினன் ஆகியவை அவர்களுடைய முதற்கொள்வனவு. வாங்குவோர் பல்கலைக்கழக மாணவிகளும், கொழும்பு அலுவலகங்களில் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளேயான பெண்களும். அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும்.

முதலில் துணியைச் சோதியுங்கள்

பெயர்ப் பட்டியல் எழுதுவதற்கு முன்னர், கையிலுள்ள ஒவ்வொரு வகைச் சேலைக்கும் ஒரு தாள் ஒதுக்கி, மூன்று விடயங்களை அதில் எழுத வேண்டும்: நூல் எது, தறி எது, அடுத்த ஆண்டும் இதே துணி கிடைக்குமா. விற்பவர் சொன்னதை அப்படியே எழுதக் கூடாது. நீங்கள் பார்த்து உறுதிசெய்ததை மட்டுமே எழுத வேண்டும்.

நூலைப் பார்க்க எளிய வழி எரித்துப் பார்ப்பதுதான். சேலைத் தலைப்பின் குஞ்சத்தில் நீளவாக்கில் ஓடும் நூல், அதாவது பாவு நூல், ஒன்றிரண்டை உருவுங்கள். பின்னர் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் தனியே உருவுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எரிப்பதே புதியவர்கள் செய்யும் தவறு. சில்க் கொட்டன் என்று விற்கப்படும் சேலையில் ஒரு பக்கம் பட்டும் மறுபக்கம் பருத்தியுமாக இருக்கலாம். சில வேளைகளில் பட்டு இருக்கவேண்டிய இடத்தில் பொலியெஸ்டர் இருக்கும். ஒரு பீங்கான் தட்டின் மேல், சாமணத்தால் நூலைப் பிடித்துச் சிறு சுடரின் அருகே கொண்டுசெல்லுங்கள். பட்டு தயங்கித் தயங்கி எரியும், சுடரை எடுத்தால் பெரும்பாலும் தானே அணையும், தலைமயிர் பொசுங்கும் மணம் வரும், எஞ்சும் கரிய உருண்டையை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி கடதாசி எரிவது போல எரிந்து, மென்மையான சாம்பல் தரும். பொலியெஸ்டர் சுடரைக் கண்டதும் சுருங்கி உருகும். ஆறிய பின்னர் நசுக்க முடியாத ஒரு மணியாக இறுகும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. லினனும், மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸும் பருத்தியைப் போலவே எரியும். ஆர்ட் சில்க் என்ற பெயரில் வருவதில் ஒரு பகுதி விஸ்கோஸ் என்பதால், அதைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியைக் கையாளலாம். நூலை நன்றாக நனைத்து இழுத்துப் பாருங்கள். விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழந்து எளிதில் அறும்; பருத்தி நனைந்தாலும் வலுவாகவே இருக்கும்.

தறியைத் தெரிந்துகொள்வது இதைவிடக் கடினம். சேலையின் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். ஊடை நூல் ஒவ்வொரு வரியிலும் வெட்டப்பட்டு, ஓரம் முழுவதும் சிறு மயிர்க்கற்றை போல நீட்டிக்கொண்டிருந்தால் அது, ஊடை நூலைக் குறுக்கே கொண்டுசெல்லும் நாடா இல்லாத நவீன இயந்திரத் தறியில் நெய்யப்பட்டது. கைத்தறியாக இருக்க முடியாது. ஆனால் ஊடை நூல் ஓரத்தில் ஒழுங்காகத் திரும்பிச் சென்றிருப்பது கைத்தறிக்குச் சான்றாகாது, ஏனென்றால் நாடா ஓடும் விசைத்தறியிலும் அவ்வாறே திரும்பும். தறியை நேரில் பார்த்தோ, நெசவாளரிடம் நேரடியாக வாங்கியோதான் கைத்தறி என்று உறுதியாகச் சொல்ல முடியும். மருதமுனை அம்பாறை மாவட்டத்தில் இருப்பது கொழும்பில் தொழில் செய்பவருக்கு உள்ள நல்வாய்ப்பு. ஒரு நாளிரவுப் பேருந்துப் பயணத்தில் நெசவுக் கூடத்திலேயே போய் நின்று பார்த்துவிடலாம்.

தோழிகள் இருவரின் தாள்கள் இவ்வாறு நிரம்புகின்றன. மருதமுனைச் சேலை: பாவு, ஊடை இரண்டும் பருத்தி, கைத்தறி என்பது நேரிற் கண்டது, தொடர்ந்து கிடைக்கும். சில்க் கொட்டன்: பாவு பட்டு, ஊடை பருத்தி; தறி தெரியாது; கிடைப்பது மொத்த வியாபாரியின் கையில். லினன்: ஓரத்தில் வெட்டிய குஞ்சம், ஆகவே விசைத்தறி; நூலை எரித்து உறுதிசெய்ய முடியாததால், அது மட்டும் சேலையை விற்றவரின் பற்றுச்சீட்டில் உள்ளபடி. இவ்வளவும் தெரிந்த உடனேயே, அவர்கள் முதலில் விரும்பி வைத்திருந்த இரண்டு பெயர்கள் தாமாகவே விழுந்துவிடுகின்றன. பட்டரசி என்பது அவற்றில் ஒன்று. ஆனால் விற்பனையில் பாதிக்கு மேல் பருத்தி. கொழும்புக் கைத்தறி என்பது மற்றது. ஆனால் லினன் விசைத்தறித் துணி.

உறுதி தரும் சொற்களும் நினைவூட்டும் சொற்களும்

ஒரு சேலைப் பெயரில் வரக்கூடிய சொற்களை இரண்டு கூடைகளாகப் பிரிக்கலாம். முதலாவது கூடையில் உள்ளவை வாங்குபவருக்கு நேரடியான உறுதி ஒன்றைத் தருகின்றன: பட்டு, சில்க், கைத்தறி, காஞ்சி, பனாரஸ், தூய, அசல். இரண்டாவது கூடையில் உள்ளவை நெசவையும் நூலையும் நினைவூட்டுகின்றன, ஆனால் எந்த ஒரு துணியையும் கட்டாயமாக்குவதில்லை: நூல், இழை, தறி, பாவு, ஊடை, கரை, தலைப்பு, கொசுவம். தரமான துணி என்ற எண்ணத்தை இளையவர்களிடம் எழுப்புவது பெரும்பாலும் இரண்டாவது கூடைதான் என்பது என் உறுதியான கருத்து. தூய பட்டு என்ற சொல்லை அவர்கள் சிறு வயதிலிருந்தே எல்லாப் பெயர்ப்பலகைகளிலும் பார்த்துப் பார்த்து, அதை விளம்பரச் சத்தமாகவே கேட்கப் பழகிவிட்டார்கள். ஊடை, பாவு போன்ற சொற்களை அறிந்து ஒருவர் பெயர் வைத்திருக்கிறார் என்றால், அவருக்குத் தறியடி தெரியும் என்று அவர்கள் ஊகிக்கிறார்கள். அந்த ஊகம் உண்மையாக இருக்க வேண்டும் என்பது வேறு விடயம். அதற்காகத்தான் முதலில் தாள்களை நிரப்பச் சொன்னேன்.

முதலாவது கூடையைத் தவிர்க்கச் சட்டம் சார்ந்த காரணமும் உண்டு. இலங்கையில் வியாபாரக் குறிகளைப் பதிவுசெய்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ். பொருளின் வகையையோ தரத்தையோ அது வரும் இடத்தையோ மட்டும் சொல்லும் சொற்களை அந்தச் சட்டம் குறியாகப் பதிவுசெய்ய விடுவதில்லை. பொருளின் தன்மை, அது வந்த இடம், செய்யப்பட்ட முறை ஆகியவை பற்றி மக்களைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்லும் குறிகளையும் அது ஏற்பதில்லை. இதனால் தூய பட்டு இல்லம் என்ற பெயர் இரு பக்கமும் அடிபடுகிறது. விற்பது உண்மையிலேயே பட்டு என்றால், அந்தப் பெயர் வெறும் விவரிப்பு என்பதால் உங்களுக்கு மட்டும் சொந்தமாகாது. பட்டு இல்லையென்றால் அது ஏமாற்று. காஞ்சி என்ற சொல் இன்னும் சிக்கலானது. காஞ்சிபுரம் பட்டு இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்ற பொருள். வேறெங்கோ நெய்த சேலைகளைக் காஞ்சி என்ற பெயரின் கீழ் விற்பவர், தொழில் வளர்ந்து சென்னைக்கோ ரொறன்ரோவுக்கோ அனுப்பத் தொடங்கும்போது அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்லவேண்டி வரும்.

இதோடு முடியவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளின் தரத்தையும் அதன் சேர்மானத்தையும் பற்றிப் பொய்யான தகவல் கொடுப்பதைத் தடைசெய்கிறது. சேலை வாங்கியவர் வீட்டில் ஒரு நூலை எரித்துப் பார்த்து முறைப்பாடு செய்தால், லேபலில் என்ன இருந்தது என்பது மட்டுமல்லாமல் கடையின் பெயர் என்ன சொன்னது என்பதும் கேள்வியாகும்.

மூன்று காதுகள் கொண்ட நகரம்

பெயரைச் சோதிக்கும் இடம் இளையவர்களின் பேச்சு. ஒரு பெண் மருதமுனைக் கொட்டன் சேலை கட்டிக்கொண்டு கொள்ளுப்பிட்டியில் உள்ள அலுவலகத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கியில் ஒருவர் கேட்பார்: "சாறி வடிவா இருக்கு, எங்க எடுத்தனீங்க?" அவளுடைய பதில் ஒரு சொல்லாக இருக்கவேண்டும். அதைக் கேட்பவர் சிங்களம் பேசுபவராக இருக்கலாம், தமிழை வாசிக்கத் தெரியாமல் ஆங்கிலத்தில் படித்த தமிழராகவும் இருக்கலாம். கேட்ட பெயரை அவர் அங்கேயே இன்ஸ்ராகிராமில் தட்டித் தேடுவார். முதல் முயற்சியில் கிடைக்காவிட்டால் மின்தூக்கிக் கதவு திறந்ததும் மறந்துவிடுவார். ஆகவே கொழும்பில் ஒரு பெயர் தமிழ்க் காதிலும் சிங்களக் காதிலும் ஆங்கில விசைப்பலகையிலும் தேறவேண்டும்.

இரண்டாவது கூடையிலிருந்து தோழிகள் எடுத்த சொற்களை ஒவ்வொன்றாக இந்தச் சோதனைக்கு உட்படுத்துவோம்.

கரை என்பது அழகான, சிறிய சொல். சேலையின் கரையையும் கடற்கரையையும் ஒரே நேரத்தில் நினைவூட்டும். ஆனால் ஆங்கில எழுத்தில் `karai` என்று எழுதியதும் அது கறையாகவும் வாசிக்கப்படும். துணி விற்பவரின் பெயரில் கறை ஒட்டுவதற்கு இடங்கொடுக்கக் கூடாது. இந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

பாவு நெசவாளர் வாயில் தினமும் புழங்கும் சொல். தறியில் முதலில் ஏறுவது பாவு. அது சரியாக இல்லாவிட்டால் மற்ற எதுவும் சரிவராது. தமிழ்க் காதுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஆனால் சிங்களக் காதில் இது பாவத்தைக் குறிக்கும் சொல்லாகவே விழும். ஐயோ பாவம் என்று இரங்குவதற்கும் அவர்கள் அதே ஒலியைத்தான் பயன்படுத்துகிறார்கள். சேலை வாங்கும் ஒரு சிங்களத் தோழியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஆனால் பெரும்பாலானவர்கள் அப்படிச் சொல்லிப் பார்ப்பதேயில்லை. பெயர்ப்பலகையோ பொதியோ அச்சடித்த பின்னர்தான் யாரோ ஒருவர் சிரிப்பார்.

இழை கேட்பதற்கு மென்மையானது. ஆனால் ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதுவதில் நம்மவரிடையே ஒற்றுமை இல்லை. இலங்கையில் `ilai` என்றும் தமிழ்நாட்டு வழக்கில் `izhai` என்றும் எழுதுவார்கள். முதலாவது எழுத்துமுறையில் அது இலையாகிவிடும். இரண்டாவதைச் சிங்களவரும் ஆங்கிலம் மட்டும் வாசிப்பவரும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் திணறுவார்கள். ழகரம் உள்ள பெயர்களை நான் வெறுக்கவில்லை. ஆனால் தேடிக் கண்டுபிடிக்கப்பட வேண்டிய ஒரு புதிய விற்பனைப் பெயருக்கு அது ஒரு சுமை. ஊடைக்கும் இதே போன்ற சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்தில் அது ஓடையாகவும் வாசிக்கப்படும்.

எஞ்சியிருப்பது நூல். இங்கேதான் கொழும்புக்கென்றே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது: சிங்களத்திலும் நூலுக்கு நூல் என்றுதான் சொல்கிறார்கள். தமிழரும் சிங்களவரும் கேட்ட மாத்திரத்தில் துணியை நினைக்கும் ஒலி இது. தமிழில் புத்தகத்துக்கும் இதே சொல் உண்டு என்பதால், நூல் மட்டும் தனியே நின்றால் புத்தகக் கடையோ என்ற குழப்பம் வரும். வெறும் விவரிப்புச் சொல் என்பதால் பதிவதற்கும் தடை வரக்கூடும். எனவே அதனோடு இன்னொரு சிறு சொல்லைச் சேர்க்கவேண்டும். வெண்ணூல், மென்னூல், நுண்ணூல் என்று தோழிகள் எழுதிப் பார்க்கிறார்கள். இவை தரத்தைப் புகழும் அடைமொழிகளாக இருப்பதோடு, ணகர, னகர இரட்டிப்புகளை ஆங்கிலத்தில் எழுதுவதும் தலைவலி. பின்னர் இருநூல் என்று எழுதுகிறார்கள்.

இந்தப் பெயர் ஏன் பொருந்துகிறது என்று பார்ப்போம். நெய்த துணி எதுவாக இருந்தாலும் பாவும் ஊடையுமாக இரண்டு நூல்கள் இருந்தே ஆகவேண்டும். கைத்தறிக் கொட்டனுக்கும் விசைத்தறி லினனுக்கும் அது ஒரேயளவு உண்மை; சில்க் கொட்டனுக்கு இன்னும் பொருத்தம். நாளைக்குத் தோழிகள் தூய பட்டுக்குப் போனாலும், சேலையோடு குர்த்தியும் விற்கத் தொடங்கினாலும் பெயர் பொய்யாகாது. சிங்கள இலக்கிய வழக்கில் முதற்பகுதி சூரியனையும் குறிக்கும் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்தும் கெட்ட பொருள் எதுவும் வருவதில்லை. ழகரம் இல்லை, றகரம் இல்லை, இரட்டை மெய் இல்லை.

குறையும் உண்டு. தொலைபேசியில் சொன்னால் சிலர் இருநூறு என்று கேட்பார்கள். இதைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை இருக்கிறது. பெயரை முன்னர் கேட்டிராத பத்துப் பேரை, தமிழரும் சிங்களவருமாகத் தெரிவுசெய்து, வட்ஸ்அப்பில் குரற்பதிவாக ஒரே ஒரு வசனத்தை அனுப்புங்கள்: இந்தச் சாறியை இருநூலில் எடுத்தேன் என்பது போன்ற ஒரு சாதாரண வசனம். அவர்கள் கேட்ட பெயரை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். எழுதிக் காட்டவோ விளக்கவோ கூடாது. ஏழு பேராவது ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதினால் அந்தப் பெயர் தேறும் என்று நான் எடுத்துக்கொள்வேன். மூன்று நான்கு விதமாக எழுதினால், எவ்வளவு பிடித்த பெயராக இருந்தாலும் அதைக் கைவிட வேண்டும். இருநூலைப் பொறுத்தவரை `irunool`, `irunul` என்ற இரண்டு வடிவங்கள் வரக்கூடும். இரண்டையும் கைப்பற்றிக்கொண்டு முதலாவதை மட்டும் பயன்படுத்தலாம். இவை இரண்டும் எடுத்துக்காட்டுக்காகவே இங்கே தரப்படுகின்றன. உங்களுடைய பெயருக்குத் தேடலை நீங்களே செய்யவேண்டும்.

இளையவர்களுக்காகப் பெயர் வைப்பவர்கள் இன்னொரு வழியிலும் தடுக்கி விழுகிறார்கள். ஆங்கிலத்தில் நூல், நெசவு, உடுப்பு என்ற பொருள் தரும் சொற்களை எடுத்து, பின்னால் ஸ்டூடியோ என்றோ கலெக்டிவ் என்றோ சேர்த்துவிடுகிறார்கள். புதுமையாக இருக்கும் என்று நினைத்துச் செய்தாலும், இன்ஸ்ராகிராமில் அதே போன்ற பெயர்கள் நிரம்பிக் கிடப்பதால் தேடும்போது பத்தோடு பதினொன்றாகிவிடும். பெயரின் முடிவில் ஸ் சேர்ப்பது, குடும்பப் பெயரின் முதலெழுத்துகளைக் கோப்பது ஆகியவை பழைய கடைகளின் வழக்கம். அவை உரிமையாளரைப் பற்றிச் சொல்லுமே தவிர, துணியைப் பற்றி எதுவும் சொல்லாது. கொழும்பிலும் புலம்பெயர் நாடுகளிலும் உள்ள இளந்தமிழர்கள் தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே பார்க்க விரும்புகிறார்கள் என்பதை நான் தொடர்ந்து கண்டு வருகிறேன். அந்த விருப்பத்துக்கு இடங்கொடுங்கள்.

பெயருக்குக் கீழே ஒரு வரி

பெயர் நினைவூட்டும், உறுதியைத் தருவது அதற்குக் கீழே வரும் வரி. ஒவ்வொரு சேலையின் லேபலிலும் பெயருக்கு அடியில் அந்தச் சேலைக்கு மட்டும் பொருந்தும் ஒரு வரியை எழுதுங்கள். தோழிகளின் மருதமுனைச் சேலையில் அது இப்படி அமையலாம்: பாவு கொட்டன், ஊடை கொட்டன், மருதமுனைக் கைத்தறி. சில்க் கொட்டனில்: பாவு பட்டு, ஊடை கொட்டன். தறி தெரியாததால் அங்கே தறியைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது. லினனில் விசைத்தறி என்று வெளிப்படையாகவே எழுதலாம். அப்படி எழுதினால் விற்பனை குறையும் என்று அஞ்சுவார்கள். ஆனால் ஒரு சேலையில் விசைத்தறி என்று எழுதியிருப்பதைக் கண்டவர்தான் இன்னொன்றில் கைத்தறி என்று எழுதியிருப்பதை நம்புவார். இருநூல் என்ற பெயர் இந்த வரியோடு சேரும்போது இன்னும் தெளிவாகிறது, ஏனென்றால் அந்த வரி எப்போதும் இரண்டு நூல்களையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. பெயரும் வரியும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கும்படி அமைந்தால், தரத்தைப் பற்றித் தனியாகப் புகழ்ந்து எழுதத் தேவையில்லை.

நூலின் பருமனைக் குறிக்கும் எண்ணையும் அந்த வரியில் சேர்க்கலாம். பருத்தி நூலில் 60, 80, 100 என்று வரும் எண், ஓர் இறாத்தல் நூலில் 840 யார் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்பதன் கணக்கு. எண் கூடக்கூட நூல் மெல்லியதாகும். நெசவாளரின் நூற்கட்டில் அந்த எண் ஒட்டப்பட்டிருப்பதை நீங்களே பார்த்திருந்தால் மட்டுமே அதை எழுதுங்கள். கூடிய எண் என்பது மெல்லிய நூல் என்றுதான் பொருள். நாளாந்தம் அலுவலகத்துக்குக் கட்டுபவருக்குச் சற்றுக் கனமான 60ஆம் எண் நூலே ஏற்றதாக இருக்கலாம் என்பதையும் படத்தின் கீழ் எழுதிவிடுங்கள்.

லேபலை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னர் பெயரைத் தமிழ் எழுத்தில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு அச்சிட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்துகளின் வளைவுகள் நெய்த லேபலில் எளிதில் அடைபட்டுவிடும். இருநூலில் நகர ஊகாரத்தின் சுழியே ஆபத்தான இடம். அது அடைபட்டால் நெடில் குறிலாகத் தெரியும். தடித்த எழுத்துருவைத் தவிர்த்து, சுழிகள் திறந்திருக்கும் மெல்லிய எழுத்துருவைத் தெரிவுசெய்யுங்கள். முழுத்தொகைக்கும் கட்டளை கொடுப்பதற்கு முன்னர் ஒரு மாதிரி லேபலை நெய்து தரச் சொல்லி, அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துச் சிறிதாக்கிப் பாருங்கள். முகப்புப் படமாகச் சுருங்கிய பின்னரும் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

பெயரைக் கைப்பற்றும் ஒழுங்கு

இந்த வேலைகளை எந்த ஒழுங்கில் செய்வது என்பது முக்கியம். பலர் முதலில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டு, பெயர் தமக்கே சொந்தமாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். சொந்தப் பெயர் அல்லாத ஒரு பெயரில் தொழில் செய்பவர், பிரதேச செயலகத்தினூடாக வியாபாரப் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது உண்மைதான். வங்கிக் கணக்குத் திறக்கவும் அந்தச் சான்றிதழ் உதவும். ஆனால் இன்னொருவர் அதே பெயரைச் சேலையில் அச்சிடுவதைத் தடுக்கும் உரிமையை அது தராது. அந்த உரிமைக்குத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் குறியாகப் பதிவுசெய்ய வேண்டும்.

ஆகவே முதலில் தேடுங்கள். இன்ஸ்ராகிராம், முகநூல், டிக்டொக் ஆகியவற்றில் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் தட்டிப் பாருங்கள். `.lk` முகவரி கிடைக்குமா என்று பாருங்கள். அதே பெயரில் இந்தியாவிலோ கனடாவிலோ யாராவது துணி விற்கிறார்களா என்று பாருங்கள்; இலங்கையில் செய்யும் பதிவு இலங்கைக்குள் மட்டுமே செல்லும் என்பதால், வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இந்தத் தேடல் அவசியம். அதன் பின்னர் கொழும்பு 10இல் உள்ள புலமைச் சொத்து அலுவலகத்தில், அதே குறியோ அதை ஒத்த குறியோ ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடல் கோருங்கள். கிடைக்கக்கூடிய பெயர் என்று தெரிந்த அன்றே சமூக ஊடகக் கணக்குகளையும் இணைய முகவரியையும் எடுத்துவிடுங்கள்; இதில் ஒரு வாரம் தாமதித்தாலும் இழக்க நேரிடலாம்.

விண்ணப்பத்தில், குறி எந்த வகைப் பொருளுக்கு என்பதைக் காட்டும் வகுப்பைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். சேலை, குர்த்தி போன்ற உடுபுடைவைகள் 25ஆம் வகுப்பில் வருகின்றன. துணியை யார் கணக்கில் வெட்டி விற்கும் எண்ணம் இருந்தால் 24ஆம் வகுப்பும், மற்றவர்களுடைய தயாரிப்புகளையும் சேர்த்து விற்கும் கடையாக வளரும் எண்ணம் இருந்தால் 35ஆம் வகுப்பும் தேவைப்படும். புதியவர்களுக்கு 25 போதும். தமிழ் எழுத்திலுள்ள பெயரையும் ஆங்கில எழுத்திலுள்ள பெயரையும் ஒரே குறிக்குள் அடக்குவதா, தனித்தனியாகப் பதிவதா என்பதை ஒரு புலமைச் சொத்துச் சட்டத்தரணியிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். பின்னர் ஒன்றை விட்டு மற்றதைப் பயன்படுத்தத் தொடங்கினால் பதிவின் வலு குறையலாம். ஏற்றுக்கொள்ளப்பட்ட குறி வர்த்தமானியில் வெளியான பின்னர், எதிர்ப்புத் தெரிவிப்பதற்கு மற்றவர்களுக்கு மூன்று மாதம் உண்டு. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். முழு நடைமுறையும் விரைவில் முடிவதில்லை என்பதால் விண்ணப்பித்த திகதியைக் காட்டும் பற்றுச்சீட்டைப் பாதுகாப்பாக வையுங்கள். தொழிலை அதற்கிடையில் தொடங்கலாம்.

தொடங்கிய பின்னர் ஒவ்வொரு புதிய கட்டு வரும்போதும் ஒரு சேலையிலிருந்து இரண்டு நூல்களை உருவி, முதல்நாள் செய்த அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வழக்கமாகப் பட்டுப் பாவு அனுப்பும் வியாபாரி ஒருமுறை பொலியெஸ்டர் பாவு அனுப்பினால், தோழிகள் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்பலாம், அல்லது பாவு பொலியெஸ்டர், ஊடை கொட்டன் என்று லேபலை மாற்றி, விலையையும் குறைத்து விற்கலாம். பெயரில் பட்டு இல்லாததால் இரண்டு வழிகளும் அவர்களுக்குத் திறந்தே இருக்கின்றன.